மலர்விழி – முத்துக்குமார் திருமண வரவேற்பில் தோழியின் வாழ்த்துரை

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், இரு வீட்டு உறவினர்களுக்கும், கோவையிலிருந்து இரவு வண்டி பிடித்து வந்து சேர்ந்திருக்கும் எங்கள் விடுதித் தோழியர்க்கும் என் அன்பான வணக்கம். என் பெயர் சங்கீதா, மணமகளின் தோழி. பரிசுப் பொருளோடு மேடையோரம் வரிசையில் நிற்பவர்கள் என்னைச் சற்றே பொறுத்தருள வேண்டும். மலரின் அப்பா, "பந்தி ஆறுவதற்குள் முடித்துவிடு அம்மா" என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்திருக்கிறார்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக விடுதியில் நானும் மலரும் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். அவளைப் பற்றிச் சொல்ல எத்தனையோ இருந்தாலும், அவள் முகத்தைப் பார்த்தால் பாதியைச் சொல்ல வேண்டாம் என்று தோன்றுகிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். என் அம்மாவுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, கடைசித் தேர்வை எழுதி முடித்த கையோடு பேருந்து ஏறி வந்து நின்றாள். ஆறுதலாக ஒரு சொல்லும் பேசவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பையில் கசங்கிக் கிடந்த ஸ்கேன் படங்களையும் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் எடுத்து, தேதி வரிசைப்படி அடுக்கி, ஒவ்வோர் உறையின் மேலும் பென்சிலால் குறித்து வைத்துவிட்டு, "நீ போய்க் குளித்துவிட்டு வா, நான் இருக்கிறேன்" என்றாள். மறுநாள் காலையில் மருத்துவர் கேட்ட தாளை நான் தேடாமல் எடுத்துக் கொடுத்தேன்.

முத்துக்குமார் அண்ணன் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். மலருக்கு அன்பு வந்தாலும் வாய் திறக்காது, கோபம் வந்தாலும் வாய் திறக்காது. இரண்டுக்கும் கைதான் பேசும். உங்கள் மேசை ஒரு நாள் திடீரென்று ஒழுங்காகியிருந்தால் மகிழலாம். ஆனால், இரவு பத்து மணிக்கு மேல் அலமாரியில் இருப்பதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டு மறுபடி அடுக்கும் சத்தம் கேட்டால், அன்று காலையில் என்ன சொன்னோம் என்று நிதானமாக யோசித்துப் பார்ப்பது உங்களுக்கு நல்லது.

அண்ணனை நான் அறிந்துகொண்டது நிச்சயதார்த்தத்தன்றுதான். தட்டு மாற்றி முடித்த நேரத்தில், எதிர்வீட்டுப் பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று ஓர் ஆள் ஓடி வந்தார். கால்நடை மருத்துவர் இங்கேயே மாப்பிள்ளையாக அமர்ந்திருக்கிறார் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அண்ணன் புதுப் பட்டுச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் போனார். பின்னாலேயே வெந்நீர் வாளியும் சோப்பும் எடுத்துக்கொண்டு போனவள், நிச்சயப் புடவை கட்டியிருந்த எங்கள் மலர். இரண்டு அம்மாமாரும் வாசலில் நின்று பட்டின் கதியை எண்ணிக் கவலைப்பட்டதை நான் பார்த்தேன். முக்கால் மணி நேரம் கழித்து இருவரும் முழங்கை வரை நனைந்து, சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். உள்ளே கிடாரிக் கன்று. ஜாதகப் பொருத்தத்தைப் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். எனக்குப் பொருத்தம் தெரிந்தது அந்தத் தொழுவத்து வாசலில்தான்.

இனி உங்கள் வேலைகளைப் பற்றி. ஆவணியில்தான் முகூர்த்தம் வேண்டும் என்று மலர் பிடிவாதம் பிடித்ததன் காரணம் இங்கே பலருக்குத் தெரியாது. புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டிக் கரிசலில் உளுந்தும் பாசிப்பயறும் மக்காச்சோளமும் விதைப்புக்கு வந்துவிடும். மக்காச்சோளம் முளைத்து வருவதற்குள் படைப்புழுவைப் பற்றி அலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிடும். வேளாண்மை அலுவலரான அவள் அப்போது வீட்டில் இருக்க மாட்டாள். கோமாரித் தடுப்பூசி முகாம் வந்தால் அண்ணனும் சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களில்தான் இருப்பார். ஆகவே யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர் உலை வைப்பது என்று இன்றே, இந்தச் சபை சாட்சியாக, முடிவு செய்துகொள்ளுங்கள். பயிர் பார்ப்பவளும் மாடு பார்ப்பவரும் ஒரே வீட்டில் இருப்பதால், மாடு பயிரில் மேய்ந்துவிட்டது என்ற பஞ்சாயத்து வந்தால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பையும் நீங்களே பகிர்ந்துகொள்ள வேண்டியதுதான்.

மலர், முறைப்படி பார்த்தால் இன்று முதல் நான் உன்னை மதினி என்றுதான் கூப்பிட வேண்டும். அது என் வாயில் வராது, மன்னித்துக்கொள். நீ எனக்குச் செய்ததைத் திருப்பிச் செய்யும் தருணம் வந்தால், எந்த ஊரில் இருந்தாலும் நான் வந்து நிற்பேன் என்பதை மட்டும் அண்ணன் முன்னிலையில் சொல்லி வைக்கிறேன்.

பெரியோர்களே, நண்பர்களே, எல்லோரும் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டுகிறேன். மலர்விழியும் முத்துக்குமாரும் நோயின்றி, குறையின்றி, ஒருவர் களைப்பை மற்றவர் அறிந்து, பதினாறு பேறும் பெற்று நீடூழி வாழ்க என்று இந்த மண்டபம் அதிரக் கைதட்டி வாழ்த்துவோம். வாழ்க மணமக்கள்!