நார்ச்சத்து 12 கிராமிலிருந்து 30 கிராமுக்கு: உங்களுக்கான ஐந்து வாரத் திட்டம்

நீங்கள் எழுதித் தந்த மூன்று நாள் உணவுக் குறிப்பில் காலை இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் சாம்பாரும், இரவு தோசை. பொரியல் இரண்டு கரண்டிதான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 12 கிராம் நார்தான் சேர்கிறது. போன மாதம் ஒரே நாளில் முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி, ஓட்ஸ் என்று மாறியதும் வயிறு உப்பி, பிசைந்து வலித்ததில் வியப்பில்லை. நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கும்போது வாயு உண்டாகும். திடீரென்று கூடுதல் நார் போனால் குடல் திணறும். ஆகவே வாரத்துக்கு 3 முதல் 5 கிராம் மட்டும் கூட்டுவோம்.

முதல் வாரம்: மதியம் 100 கிராம் கேரட் அல்லது பீன்ஸ் பொரியல் கூடுதலாக. நன்றாக வெந்திருக்கட்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இப்போது வேண்டாம்.

இரண்டாம் வாரம்: இரவு அரிசி தோசைக்குப் பதில் கேழ்வரகு தோசை. இரண்டு தோசைக்கு 40 கிராம் மாவு போதும்.

மூன்றாம் வாரம்: பயறு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். நம் சிறுகுடலால் செரிக்க முடியாத ஒருவகைச் சர்க்கரை பயறில் உண்டு. வாயுவுக்குக் காரணம் அதுதான். ஊறும்போது அதில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். பாசிப்பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவையுங்கள். இரு விரலால் அழுத்தினால் தோலோடு மசிய வேண்டும். நடுவில் கடுக்கென்றால் இன்னும் ஒரு விசில். முதல் நான்கு நாள் 15 கிராம் (வேகாத எடை), பிறகு 30 கிராம். பெருங்காயம் போடுங்கள், ஆனால் ஊறவைப்பதற்கு அது ஈடல்ல. கொண்டைக்கடலையைப் பிறகு பார்க்கலாம்.

நான்காம் வாரம்: மாலையில் ஒரு நடுத்தரக் கொய்யா. முதல் மூன்று நாள் பாதி.

ஐந்தாம் வாரம்: எதையும் கூட்டாதீர்கள். குடல் பழகட்டும்.

தண்ணீர் நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர், பகல் முழுக்கப் பரவலாக. தண்ணீர் குறைந்தால் நார் மலத்தை இறுக்கிவிடும். சாப்பிட்டபின் பத்து நிமிடம் நடந்தால் வாயு எளிதில் பிரியும்.

உப்புசம் வந்தால் திட்டத்தை விட்டுவிடாமல், முந்தைய வார அளவுக்கே திரும்பி நான்கு நாள் இருங்கள். பின்பு பாதி அளவாகக் கூட்டுங்கள். லேசாக வாயு கூடுவது இயல்பு; வலிதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம்.

நார்ச்சத்துத் தூளான இசப்கோல் இப்போது தேவையில்லை. எப்போதாவது எடுத்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். வறண்ட தூளாக விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், வாந்தியோடு கடும் வயிற்று வலி, வாயுகூடப் பிரியாத நிலை: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.