மே 4 முதல் கோடை முகாம்: பெற்றோர் கவனத்துக்கு

மதுரை அண்ணா நகரில் எங்கள் கோடை முகாம் மே 4 திங்கள் முதல் 15 வெள்ளி வரை நடக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறை. 7 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகள் சேரலாம். மொத்தம் 40 பேர்தான்.

கத்திரி வெயில் தொடங்கும் நேரம் என்பதால் காலை 7.30-க்கே ஆரம்பித்து 12 மணிக்கு முடித்துவிடுகிறோம். சிலம்பம், ஓட்டம், பாண்டி எல்லாம் 9 மணிக்குள் மரத்தடியில். அதன்பின் யாரும் வெளியே இல்லை. 9.15-க்கு சுண்டல் அல்லது பழம், அதோடு பானகமோ நீர்மோரோ கிடைக்கும். பிறகு 12 வரை உள்ளே களிமண் வேலை, பனையோலைப் பொம்மை, கதை, பல்லாங்குழி. செல்போனுக்கு இங்கே வேலை இல்லை. கொடுத்து அனுப்ப வேண்டாம்.

மே 14 வியாழன் கீழடி அருங்காட்சியகம். அங்கே கிடைத்த பகடைக்காயையும் சுடுமண் வட்டச் சில்லையும் பார்த்துவிட்டு, மறுநாள் களிமண்ணில் தாங்களே செய்த சில்லை வைத்து பாண்டி ஆடுவார்கள்.

இனி, நீங்கள் முதலில் கேட்கவேண்டிய விஷயம். 10 பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர். எந்த அறையிலும் பெரியவர் ஒருவர் மட்டும் பிள்ளையோடு தனியாக இருக்கமாட்டார். சின்னப் பிள்ளைகளைக் கழிப்பறைக்குப் பெண் உதவியாளர்தான் அழைத்துப்போவார். சேர்க்கும்போது தரும் அடையாள அட்டையைக் கொண்டுவருபவரிடம்தான் பிள்ளையை அனுப்புவோம். "எங்க மாமாதான்" என்று பிள்ளையே சொன்னாலும், அட்டை இல்லையென்றால் உங்களுக்கு போன் போட்டுக் கேட்ட பிறகுதான். கேட்டில் நிற்கவைக்கிறார்களே என்று அப்போது கோபப்படாதீர்கள். படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடமாட்டோம், நீங்களும் மற்ற பிள்ளைகளின் படத்தைப் போடாதீர்கள். தொடுதல் பற்றி முதல் நாளே பிள்ளைகளிடம் பேசுவோம். குழந்தைகள் உதவி எண் 1098-ம் சுவரில் இருக்கும்.

வேர்க்கடலை, பால் ஒத்துக்கொள்ளாது, வீசிங் உண்டு, வலிப்பு வந்திருக்கிறது என்றால் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள். அதற்காகச் சேர்க்காமல் விடமாட்டோம். இன்ஹேலர் இருந்தால் பெயர் எழுதி எங்களிடம் கொடுத்துவையுங்கள். முதலுதவிப் பெட்டியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் கையில் இருக்கும். காய்ச்சல் இருக்கும் பிள்ளையை, அழுது அடம்பிடித்தாலும், அன்று அனுப்பாதீர்கள்.

கட்டணம் ரூ. 2,800. பொருள்களும் சிற்றுண்டியும் இதிலேயே அடக்கம். கீழடிக்கு வேனும் மதியச் சாப்பாடும் சேர்த்துத் தனியாக ரூ. 350, விருப்பம் இருந்தால் மட்டும். அக்கா தம்பி என்று இருவர் வந்தால் இரண்டாமவருக்கு ரூ. 2,300. முகாம் தொடங்குமுன் விலகினால் ரூ. 300 பிடித்துக்கொண்டு மீதியைத் தருவோம். தொடங்கிய பிறகு திருப்பித்தர இயலாது. கட்ட முடியாத குடும்பம் என்றால் தனியாக வந்து சொல்லுங்கள், நான்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

பதிவு நேரில்தான், ஏப்ரல் 29 வரை, மாலை 5 முதல் 7 மணிக்குள். பிள்ளையையும் கூட்டிவாருங்கள். அறை, கழிப்பறை, குடிதண்ணீர் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டினால் போதும். தினமும் தண்ணீர் பாட்டில், தொப்பி, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற பருத்திச் சட்டை கட்டாயம்.