தகரத்தில் மழை, கையில் தேத்தண்ணி: ஒன்பது பாட்டு

கல்லடியில் மூன்று நாளாக விடாத மழை. எங்கள் பின்விறாந்தைக்குத் தகரக் கூரை, அதனால் பாட்டு முதலில் மழையோடு சண்டை பிடித்து வெல்ல வேண்டும், அல்லது சண்டையே பிடிக்காமல் மழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். நான் தேடியது இரண்டாவது வகை. யன்னலோரக் கதிரை, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ, ஒரு சுருள் கச்சான். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், வரிசை முக்கியம்.

முதலில் ‘அந்திமழை பொழிகிறது’, ராஜபார்வை, 1981. எஸ்.பி.பியும் ஜானகியும். வேறு எதையும் முதலில் போட எனக்கு மனம் வராது. மறுகா ஜானகியையே தொடர விடுங்கள், மௌன ராகத்தின் ‘ஓஹோ மேகம் வந்ததோ’. அதே 1986இல் சித்ரா பாடிய ‘வான் மேகம்’ புன்னகை மன்னனில் இருக்கிறது, அதை மூன்றாவதாக வைத்தால் அந்த வருசம் இளையராஜாவுக்கு மழை மேல் என்ன கோபமோ பாசமோ என்று யோசிக்கத் தோன்றும். நாலாவது ‘மழை வருது மழை வருது’, ராஜா கைய வச்சா, யேசுதாஸ், சித்ரா. தேத்தண்ணி பாதிக்கு வந்திருக்கும்.

இந்த வரிசையில் எனக்குப் பிடித்த இடம் அடுத்ததுதான். வைதேகி காத்திருந்தாள் படத்தின் ‘மேகம் கருக்கையிலே’, உடனே அதன் வாலில் திருச்சிற்றம்பலத்தின் ‘மேகம் கருக்காதா’. 1984, 2022. இடையில் 38 வருசம், மேகம் மட்டும் அதே மேகம். முதலாவதைக் கேட்டதும் அம்மா குசினிக்குள்ளிருந்து கூடவே பாடுவா, இரண்டாவது வந்ததும் “இது ஆர் பாடுறது?” என்பா, தனுஷ் என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும்.

ஏழும் எட்டும் ரகுமானுக்கு. என் சுவாசக் காற்றேயின் ‘சின்னச் சின்ன மழைத்துளிகள்’, பிறகு செக்கச்சிவந்த வானத்தில் அவரே பாடிய ‘மழைக்குருவி’. இது ஹெட்போனில் கேட்க வேண்டிய பாட்டு, தகரத்தடியில் பாதி தொலைந்துபோகும்.

‘அடடா மழைடா’ எங்கே என்று கேட்கப் போகிறீர்கள். நல்ல பாட்டுத்தான், ஆனால் அது முற்றத்தில் இறங்கி நனைகிறவனுக்கு. கதிரையில் இருந்து கேட்டால் கால் சும்மா இருக்காது, பிளேன்டீ மடியில் கொட்டும். எனக்குக் கொட்டியது.

கடைசிப் பாட்டில் மழையே இல்லை. பாவ மன்னிப்பு, 1961, பி.பி.ஸ்ரீனிவாஸின் ‘காலங்களில் அவள் வசந்தம்’. நேற்று இது தொடங்கும்போது கரண்ட் போய்விட்டது, போனில் 14 வீதம். அம்மா மெழுகுதிரியையும் இரண்டாவது பிளேன்டீயையும் கொண்டுவந்து பக்கத்துக் கதிரையில் இருந்தா. “சத்தத்தைக் கூட்டு” என்றா. கூட்டினேன்.