பத்துக்கு நாலு வாங்கிய பிள்ளைக்கு எந்த எழுத்து தடுக்கிறது? – ‘பிழைத்தாள்’ மின்னூல்

சொல்வதெழுதுதல் நோட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு பையன் பத்துக்கு நாலு. அடுத்த நோட்டு ஒரு பெண்ணுடையது, அதுவும் பத்துக்கு நாலு. இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் சுழித்து, ‘ஐந்து முறை எழுதி வா’ என்று போட்டு அனுப்புகிறோம்.

இப்போது அந்த இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பையன் பழம் என்பதைப் ‘பளம்’ என்றும், மழையை ‘மளை’ என்றும், பள்ளியைப் ‘பல்லி’ என்றும் எழுதியிருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு ழகரத்தில் தடுமாற்றமே இல்லை. ஆனால் தம்பி ‘தபி’ ஆகியிருக்கிறது, வண்டி ‘வடி’ ஆகியிருக்கிறது, பள்ளி ‘பளி’ ஆகியிருக்கிறது. அவனுக்கு மூன்று ஒலிகள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. அவளுக்கு மெய்யெழுத்து காதில் விழவே இல்லை. மதிப்பெண் ஒன்று, நோய் வேறு. ஒரே மருந்தை இரண்டு பேருக்கும் கொடுத்தால் யாருக்குக் குணமாகும்?

நான் தமிழாசிரியை. தஞ்சை மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தி, 2024-ல் ஓய்வு பெற்றேன். பணியில் சேர்ந்த புதிதில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை ‘பழம்’ என்று ஐம்பது தடவை எழுத வைத்தேன். ஐம்பதும் சரி, முத்து முத்தாக எழுதியிருந்தான். மறுநாள் கட்டுரை நோட்டில் ‘வாளைப்பளம்’ என்று இருந்தது. பார்த்து எழுதியது கைக்குத்தான் போயிருந்தது, காதுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து பிள்ளைகளின் பிழைகளை ஒரு தனி நோட்டில் குறித்து வைக்கத் தொடங்கினேன். அந்த நோட்டுகளிலிருந்து வளர்ந்ததுதான் ‘பிழைத்தாள்’.

உள்ளே என்ன இருக்கிறது

மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்குமான 92 பக்க பிடிஎஃப். பிள்ளைகள் செய்யும் எழுத்துப் பிழைகளை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறேன்: ல-ள-ழ மயக்கம், ர-ற மயக்கம், ந-ன-ண மயக்கம், குறில் நெடில் மாறுவது, மெய்யெழுத்தை விட்டுவிடுவது, பேச்சு வழக்கை அப்படியே எழுதுவது. ஒவ்வொரு வகைக்கும் எட்டுப் பத்திகள், மொத்தம் 48. ஒவ்வொரு பத்தியும் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் சோதிக்கும்.

ஒன்றைக் காட்டுகிறேன். ல-ள-ழ வகையின் முதல் பத்தி இது:

> காலை மழை விட்டது. வள்ளி வாழை இலையைத் தலைக்கு மேல் பிடித்தாள். வாளியில் பால் கொஞ்சம்தான் இருந்தது.

மூன்றே வாக்கியம். லகரம் ஆறு சொற்களில், ளகரம் மூன்று சொற்களில், ழகரம் இரண்டு சொற்களில் வருகிறது. ‘வாளியில்’ என்ற ஒரு சொல்லில் ளகரமும் லகரமும் சேர்ந்தே வருகின்றன. தடுமாறுகிற பிள்ளை முதலில் சிக்குவது பெரும்பாலும் அங்கேதான். பத்திக்குக் கீழே ஆசிரியருக்கான குறிப்பு இருக்கும்: ‘இலையை’ என்பதற்குப் பின் ‘த்’ விட்டுப்போனால் இந்தத் தாளில் சுழிக்க வேண்டாம். இன்றைக்கு நாம் பார்ப்பது ல-ள-ழ மட்டும். எல்லாவற்றையும் சுழித்தால் நோட்டு முழுக்கச் சிவப்பாகும், பிள்ளைக்கு ஒன்றும் புரியாது.

பத்தியைத் தொடர்ந்து பயிற்சி. ல-ள-ழவுக்கு எழுத்து வேலை கடைசியில்தான் வரும், முதலில் வாய்க்கும் காதுக்கும் வேலை. லகரத்துக்கு நாக்கு நுனி மேல்பல் அடியில் தொடும். ளகரத்துக்கு நாக்கு வளைந்து மேலண்ணத்தில் ஒட்டும். ழகரத்துக்கு வளையும், ஆனால் ஒட்டாது. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லி இந்த மூன்றையும் சொல்ல வைத்துப் பாருங்கள். வீட்டிலும் தெருவிலும் ‘வாளப்பளம்’ என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை ‘ழ’ எழுதாமல் போவது அதன் குற்றம் இல்லை. கேட்டதை எழுதுகிறது.

ர-றவில் இந்த வழி பலிக்காது. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் ‘கரி’யும் ‘கறி’யும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. அதனால் அங்கே இடம் பார்த்துப் பழக்குகிறேன். ரகரம் இரட்டிக்காது, ஆகவே ‘காற்று’, ‘வெற்றி’ இரண்டிலும் றகரம்தான். ‘ன்’ என்ற எழுத்துக்குப் பின்னால் ஒட்டி வருவது றகரம்: கன்று, நன்றி, மூன்று. இப்படியே ‘ண்’ டகரத்துக்குத் தோழன், ‘ந்’ தகரத்துக்குத் தோழன்: வண்டி, பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று பெரியவர்கள் பெயர் வைத்ததே இதற்காகத்தான். அந்தப் பெயர்களுக்குள்ளேயே விதி இருப்பதைப் பிள்ளைகளிடம் காட்டினால் அவர்கள் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

‘தபி’ என்று எழுதிய பெண்ணுக்குக் கைதட்டுப் பயிற்சி. தம் – பி, இரண்டு தட்டு. முதல் தட்டில் உதடு மூடுகிறதா? மூடினால் அங்கே ஒரு ‘ம்’ இருக்கிறது, அதை எழுது. வண் – டி, பள் – ளி என்று நாளைக்குப் பத்துச் சொல் போதும்.

பதிவுத்தாள்

மின்னூலோடு ஒரு கூகுள் ஷீட் வார்ப்புருவும் வருகிறது. பிள்ளையின் பெயருக்கு நேராக எந்த வகைப் பிழை எத்தனை என்று எண்ணை மட்டும் போடுங்கள். வகுப்பில் யார் யாரை ஒரே குழுவாக உட்கார வைக்கலாம் என்று அடுத்த பக்கத்தில் அதுவே பிரித்துக் காட்டும். கைபேசியிலேயே செய்யலாம். கணினி வேண்டாம் என்பவர்களுக்கு அதே தாள் அச்சு வடிவிலும் இருக்கிறது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒரே தாள் போதும்.

எல்லாப் பக்கமும் ஏ4 அளவு, கறுப்பு வெள்ளை. வண்ணப் படங்களை வேண்டுமென்றேதான் தவிர்த்தேன். ஜெராக்ஸ் செலவு ஆசிரியர் கைக்காசில் போவது எனக்குத் தெரியும்.

யாருக்கு இது வேண்டாம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான வினா விடை இதில் இல்லை. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் முழுவதையும் தேடுகிறவர்களுக்கும் இது உதவாது. எழுத்துகளையே இன்னும் அடையாளம் தெரியாத பிள்ளைகளுக்கு இது அடுத்த படி. ‘எண்ணும் எழுத்தும்’ பயிற்சி நூல்களில் இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு வரட்டும்.

விலை

ஓர் ஆசிரியருக்கு ₹149. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பள்ளி முழுவதற்கும் ₹500, எல்லா ஆசிரியர்களும் பயன்படுத்தலாம். வாட்ஸ்அப் குழுக்களில் கோப்பைப் பகிர வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். இந்த வருமானத்தில்தான் முதல், இரண்டாம் வகுப்புக்கான அடுத்த தொகுதிக்குத் தட்டச்சும் ஓவியமும் நடந்துகொண்டிருக்கின்றன.

யுபிஐ வழியாகப் பணம் செலுத்தியதும் பதிவிறக்க இணைப்பு திரையில் வரும், மின்னஞ்சலுக்கும் வந்துவிடும். வாங்குமுன் பார்க்க விரும்பினால் ‘மாதிரிப் பக்கங்கள்’ பொத்தானை அழுத்துங்கள். மேலே காட்டிய பத்தியும் அதன் பயிற்சியும் சேர்த்து ஆறு பக்கங்கள் இலவசம். நாளைக் காலை முதல் பாடவேளையிலேயே வகுப்பில் போட்டுப் பாருங்கள். வாங்கிய பிறகு உங்கள் வகுப்புக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் பத்து நாளுக்குள் ஒரு வரி எழுதுங்கள், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். உங்கள் பிள்ளைகள் செய்யும் பிழை இந்த ஆறு வகைக்குள் அடங்கவில்லை என்றால் அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, பிள்ளையின் பெயரை மறைத்து எனக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் அதற்கும் பயிற்சி சேர்க்கிறேன். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்தப் பதிப்பு கட்டணமில்லாமல் வரும்.