கண்மாய்ப் படம்: சனி, ஞாயிறு டிரோன் ஷாட் திட்டம்

தம்பி, சவுண்ட் அண்ணே, குரல் கொடுக்கும் அக்கா, மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். டிரோன் பறக்கும் இடமும் குரல் நிற்கும் இடமும் ஒரே தாளில் இருந்தால்தான் எடிட்டில் ஒட்டும். போன படத்தில் அழகாக எடுத்த பன்னிரண்டு ஷாட்டில் ஏழை நானே தூக்கிப்போட்டேன். எல்லாம் உயரத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது, ஒரு வரி பேசக்கூட இடம் இல்லை. இந்த முறை நான்கே ஷாட். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே மட்டும் டிரோன் போகும்.

முதலில் பொது விஷயம். நம்ம டிரோன் 250 கிராமுக்கு மேலே, அதனால் பதிவு எண், இன்சூரன்ஸ் தாள், தம்பியின் பைலட் சான்றிதழ் மூன்றும் பையில் இருக்கட்டும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் நம்ம ஊர் பச்சை மண்டலம்தான், ஆனாலும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருமுறை திறந்து பார்த்துவிடு. சட்டப்படி 120 மீட்டர் வரை போகலாம். நாம் 100-ஐத் தாண்டப் போவதில்லை.

உயரக் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. திரையில் தெரியும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து கணக்காகிறது. நாம் கரைமேல் இருந்து ஏற்றுவோம், வயல் அதற்கு நாலு மீட்டர் கீழே. ஆக வயலுக்கு மேலே திரையில் 30 என்றால் உண்மையில் 34. கீழே எழுதியிருப்பது எல்லாம் திரையில் தெரியும் உயரம்.

நிறுத்தம்: ஒவ்வொரு ஷாட்டும் பத்து நொடி அசையாமல் நின்று தொடங்கும், பத்து நொடி நின்று முடியும். இதைப் பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன். கம்பி, பறவை, ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தம்பி திரையைப் பார்க்க, தங்கச்சி வானத்தைப் பார்க்க. ஆனால் நம் படத்துக்கு மூச்சே இந்தப் பத்து நொடிதான். அக்கா, உங்கள் வரிகள் பெரும்பாலும் நின்றபிறகுதான் தொடங்கும். டிரோன் நகரும்போது கண் வேலை செய்கிறது, காது பின்வாங்கிவிடும். “நிறுத்து” என்று யார் சொன்னாலும், அது டீ கொண்டுவரும் பையனாக இருந்தாலும், தம்பி கையை எடுத்துவிட வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்கலாம்.

ஷாட் 1. கரை. சனி காலை 6:45.
உயரம் 6 மீட்டர். கரையிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, தண்ணீர்ப் பக்கமாக. கரைமேல் பனை வரிசை இருக்கிறது, ஓலை காற்றில் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நேராக முன்னால், 40 நொடி, 160 மீட்டர். இதற்குக் கீழே இறங்காதே தம்பி, அசையாத தண்ணீருக்கு மேலே அடிப்பக்க சென்சார் குழம்பும். நீர்ப்பாய்ச்சித் தாத்தா கரைமேல் மண்வெட்டியோடு நடந்து வருவார். அவரைத் துரத்தக் கூடாது, அவர் நம்மைக் கடந்து போகட்டும்.
குரல், கடைசி நிறுத்தத்தில்: “இந்தக் கரைமேல் நடந்து பார்த்துவிட்டுத்தான் இவருக்கு விடியும்.” அவ்வளவுதான். அடுத்து அவர் குரலே வரும்.

ஷாட் 2. மடை. சனி காலை 7:30.
படத்தின் உயிர் இதுதான், இதற்கு மட்டும் இரண்டு பேட்டரி ஒதுக்கியிருக்கிறேன். கேமரா நேர் கீழே பார்க்க, மடைக்கு மேலே 3 மீட்டரில் தொடங்கு. தாத்தாவின் கை, பலகை, சுழித்து வெளியேறும் தண்ணீர் மட்டும் சட்டகத்தில். அங்கிருந்து நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நேர்மேலே 45 மீட்டர் வரை. ஏறும் நேரம் மட்டும் 28 நொடி. இடையில் 15 மீட்டரில் ஒரு நிறுத்தம். வயலுக்குப் போகும் மின்கம்பி அந்த உயரத்துக்குக் கீழேதான் ஓடுகிறது, அதைத் தாண்டிவிட்டோம் என்று தங்கச்சி வாய்விட்டுச் சொன்னபிறகு மறுபடி ஏறு. வெட்டு அந்த இடத்தில் தெரியாமல் இருக்க ஒளியை மாற்றாதே: 25 பிரேம், ஷட்டர் 1/50, வெயில் ஏறினால் என்.டி. ஃபில்டர்.
சட்டகம் விரிய விரிய வாய்க்கால் கிளை பிரிந்து, ஒவ்வொரு பாத்தியாகத் தண்ணீர் பளபளக்கும். அண்ணே, மடைச் சத்தத்தை டிரோன் ஏறுவதற்கு முன்பே தனியாக ஐந்து நிமிடம் பிடித்துவிடுங்கள். விசிறி சுற்ற ஆரம்பித்தால் மைக்கில் அதுதான் கேட்கும்.
குரல்: ஏறி முடியும்வரை ஒரு சொல்லும் வேண்டாம். 45-ல் மட்டும் பதினைந்து நொடி நில், நின்று மூன்று நொடி கழித்து: “யார் வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று இந்த மடையில் முடிவாகிறது. கடைமடைக்காரர் வயலும் நனைந்தால்தான் இன்றைக்கு இவர் வேலை முடிந்தது.” அக்கா, நொடிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

ஷாட் 3. ஊர். ஞாயிறு காலை 8.
உயரம் 60 மீட்டர், ஊருக்கு வெளியே தரிசுக்கு மேலே பக்கவாட்டில் நகர்வு. வீடுகளுக்கு மேலே போகவே வேண்டாம். ஊருணிப் படித்துறையில் அந்த நேரம் பெண்கள் குளிப்பார்கள், கேமரா அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. தெரியாமல் பதிவானால் அன்றைக்கே அழித்துவிடு, எனக்குக்கூடக் காட்ட வேண்டாம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேன் கூடு தொங்குகிறது, அதிலிருந்து 100 மீட்டர் தள்ளியே இரு. கிளம்பும் முன் ஆட்டுக்கிடை எந்தப் பக்கம் என்று விசாரித்துக்கொள், மிரண்டால் சிதறி ரோட்டுக்கு ஓடிவிடும்.
குரல்: ஊர்ப் பெயர், வீடுகளின் எண்ணிக்கை. அலங்காரம் வேண்டாம்.

களத்துமேட்டில் நெல் தூற்றுவதை மேலிருந்து எடுக்கலாம் என்று தம்பி கேட்டிருந்தான். வேண்டாம். விசிறிக் காற்றில் பதரோடு நெல்லும் பறக்கும், அது அவர்கள் உழைப்பு. டிரைபாடில் எடுப்போம்.

ஷாட் 4. கலுங்கு. ஞாயிறு மாலை 5:30.
கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்குக்கு மேலே 10 மீட்டரில் தொடங்கி, பின்னால் இழுத்துக்கொண்டே 100 மீட்டருக்கு ஏறு. மறுகால் ஓடை, அதன் முடிவில் அடுத்த ஊர்க் கண்மாய், இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும்போது நில். சாயங்காலக் காற்று எதிர்த்து அடிக்கும், அதனால் பேட்டரி 40 சதவீதம் ஆனதுமே திரும்பு. உள்வாயில் நாட்டுக் கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் கூடு வைத்திருக்கின்றன. மரக் கூட்டத்திலிருந்து 200 மீட்டர் தள்ளியே பறக்க வேண்டும், ஒரு பறவை பதறி எழுந்தாலும் அன்றைக்கு மூட்டை கட்டு. இதே சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. நாம் ஒரு ஷாட்டை விடலாம்.
குரல்: “ஒரு கண்மாய் நிறைந்தால் மிச்சம் அடுத்த ஊருக்கு. இப்படித்தான் வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை போகிறது.”

சனி காலை 5:30-க்கு எல்லோரும் அய்யனார் கோவில் திடலுக்கு வந்துவிடுங்கள். பஞ்சாயத்தில் சொல்லியாச்சு, பூசாரி ஐயாவிடமும் கேட்டாச்சு. மண்குதிரைகளுக்கு மேலே மட்டும் பறக்க வேண்டாம் என்றார், சரி என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு ராத்திரி அங்கேயே வெள்ளைத் துணி கட்டி, எடுத்ததை ஊருக்குப் போட்டுக் காட்டுவோம். தாத்தாவை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.