நுனியில் வீரர் நிற்கும் டைவிங் பலகை: தாங்கு எதிர்விசைகளும் பெரும வளைவுத் திருப்புத்திறனும்

கணக்கு: போட்டிகளில் பயன்படும் 4.8 மீ நீள அலுமினியப் பலகை ஒன்று, பின்முனை A-யில் கீலால் தளத்துடன் பிணைக்கப்பட்டு, A-யிலிருந்து 1.8 மீ தொலைவில் B என்னும் உருளையின் மேல் கிடக்கிறது. பலகையின் எடை 480 நியூட்டன். அது நீளம் முழுவதும் சீராகப் பரவியிருப்பதாகக் கொள்க. 600 நியூட்டன் எடையுள்ள வீரர் நுனி C-யில் அசையாமல் நிற்கும்போது, A, B இரண்டிலும் உண்டாகும் எதிர்விசைகளையும் பெரும வளைவுத் திருப்புத்திறனையும் காண்க.

தீர்வு: கிடைவிசை எதுவும் இல்லாததால், A-யில் செங்குத்து எதிர்விசை மட்டுமே உண்டு. மேல்நோக்கிய விசையை நேர்க்குறியாகக் கொள்வோம். பலகையின் எடை அதன் நடுப்புள்ளியில், அதாவது A-யிலிருந்து 2.4 மீ தொலைவில், செயல்படுகிறது. A-யைப் பொறுத்துத் திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால் R_A சமன்பாட்டில் வராது:

```
R_B × 1.8 = 480 × 2.4 + 600 × 4.8 = 4032
R_B = 2240 N
R_A = 480 + 600 − 2240 = −1160 N
```

R_A எதிர்க்குறியில் வந்ததைக் கண்டு கணக்கு தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். பலகையின் பின்முனை மேலே எழும்ப முயல்வதால், கீல் அதை 1160 நியூட்டன் விசையுடன் கீழே இழுத்துப் பிடிக்கிறது என்பதே அதன் பொருள். அங்குள்ள போல்ட்டுகள் இழுவிசையைத் தாங்க வேண்டியிருப்பதும், உருளையின் மேல் விழும் சுமை வீரரின் எடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காக இருப்பதும் இதனால்தான்.

அடுத்து வெட்டு விசை. பலகையின் எடை மீட்டருக்கு 100 நியூட்டன் என்பதால், A-க்குச் சற்று வலப்புறம் −1160 ஆக இருக்கும் வெட்டு விசை B-க்குச் சற்று இடப்புறம் −1340 ஆகிறது. B-யில் 2240 கூடி +900 ஆக மாறி, நுனியை நெருங்கும்போது 600 ஆகக் குறைகிறது. குறி மாறும் ஒரே இடம் B என்பதால், பெரும வளைவுத் திருப்புத்திறனும் அங்கேயே அமையும். B-க்கு வலப்புறமுள்ள 3 மீ பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால்,

```
M_B = 600 × 3 + 100 × 3 × 1.5 = 2250 N·m
```

இடப்புறத்திலிருந்து கணக்கிட்டாலும், 1160 × 1.8 + 100 × 1.8 × 0.9 = 2250 என்றே வருகிறது; தேர்வில் இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம் போதும். B-யில் பலகை மேற்புறம் குவிந்து வளைவதால், அதன் மேற்பரப்பு இழுபடுகிறது, அடிப்பரப்பு அழுத்தப்படுகிறது.

உருளையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இத்தகைய பலகைகளில் உண்டு. அதை A-யிலிருந்து 1.5 மீ தொலைவுக்குப் பின்தள்ளினால், R_B 2688 நியூட்டனாகவும், A-யில் கீழ்நோக்கிய இழுப்பு 1608 நியூட்டனாகவும், பெரும வளைவுத் திருப்புத்திறன் 2524.5 நியூட்டன்-மீட்டராகவும் உயர்கின்றன. இவை அனைத்தும் அசையா நிலைக்குரிய மதிப்புகள். வீரர் துள்ளி வந்து நுனியில் இறங்கும் கணத்தில் விசைகள் இவற்றை விஞ்சும் என்பதால், பலகையின் குறுக்குவெட்டை வடிவமைக்க இம்மதிப்புகள் மட்டும் போதா.