ரெஸ்யூம்: இயற்பியல் ஆசிரியர், ஐஜிசிஎஸ்இ மற்றும் ஐபி டிப்ளமோ

விண்ணப்பிக்கும் பணி: 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் / இயற்பியல் ஆசிரியர்
அனுபவம்: 12 ஆண்டுகள், அதில் 8 ஆண்டுகள் சர்வதேசப் பாடத்திட்டங்களில்
கல்வி: எம்.எஸ்சி. இயற்பியல் (2011), பி.எட். (2013)
பணியில் சேரக்கூடிய நாள்: 2026 ஆகஸ்ட்

என்னைப் பற்றி

இயற்பியல் தனக்கு வராது என்று முடிவு கட்டிவிட்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவரை மறுபடியும் பாடத்துக்குள் கொண்டுவருவதுதான் நான் நன்றாகச் செய்யும் வேலை. முதல் வரிசை மாணவர்கள் யார் நடத்தினாலும் ஓரளவு எடுத்துவிடுவார்கள். நடுவில் இருக்கிறவர்கள் எங்கே தடுக்கி நிற்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க அவர்கள் எழுதியதை உட்கார்ந்து படிக்க வேண்டும், அதற்கு நேரம் வேண்டும், என் வாரத்தில் அந்த நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற வேலைகளை வைக்கிறேன். கீழே இருக்கும் எண்கள் எல்லாம் நானே நடத்திய வகுப்புகளுடையவை. சின்ன வகுப்புகள் என்பதால் சதவீதமாகப் போடாமல் தலைக்கணக்காகவே கொடுத்திருக்கிறேன்.

பணி அனுபவம்

2021 முதல் இன்று வரை: ஐபி மற்றும் கேம்பிரிட்ஜ் இரண்டும் நடக்கும் சர்வதேசப் பள்ளி

இங்கே 6 முதல் 8 வரை எம்ஒய்பி அறிவியல், 9, 10இல் கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ இயற்பியல் (0625), 11, 12இல் ஐபி டிப்ளமோ இயற்பியல். வாரத்துக்கு 22 பீரியட். மூன்று பாடத்திட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்துவதில் ஒரு பெரிய லாபம் உண்டு: டிப்ளமோவில் பிழையளவு கணக்கிடத் தெரியாமல் தவிக்கும் பிள்ளைக்கு, அளவீட்டை மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்கும் பழக்கம் ஏழாம் வகுப்பிலேயே வந்திருக்க வேண்டும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படித் தெரிந்ததை வைத்து 6 முதல் 12 வரை செய்முறைத் திறன்கள் எந்த வகுப்பில் தொடங்கி எப்படி வளர வேண்டும் என்று ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தினேன். 2023 முதல் எங்கள் துறையில் மூன்று அறிவியல் பாடங்களுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

2017 – 2021: கேம்பிரிட்ஜ் பள்ளி

லோயர் செகண்டரி அறிவியலும் ஐஜிசிஎஸ்இ இயற்பியலும். மார்க் ஸ்கீமைப் படிக்கக் கற்றுக்கொண்டது இங்கேதான். 'கூறுக', 'விவரி', 'விளக்கு' மூன்றும் மூன்று வேறு கேள்விகள், காரணம் கேட்ட இடத்தில் வர்ணனை எழுதினால் மதிப்பெண் கிடையாது என்பதை வகுப்பில் வாய்மொழியாகச் சொல்லிச் சொல்லிப் பயனில்லை என்று புரிந்த பிறகு, மாணவர்களையே ஒருவர் விடைத்தாளை மற்றவர் திருத்தச் செய்தேன், அப்புறம்தான் மாற்றம் தெரிந்தது. 2020 மே – ஜூன் தேர்வு நடக்கவில்லை, பள்ளி மதிப்பீட்டின் அடிப்படையில் கிரேடு கொடுக்கப்பட்டது. அதனால் அந்த ஆண்டை முடிவுகள் பகுதியில் சேர்க்கவில்லை.

2013 – 2017: தேசியப் பாடத்திட்டப் பள்ளி

9, 10ஆம் வகுப்பு அறிவியல், 11ஆம் வகுப்பு இயற்பியல். ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல். குரல், நேரம், ஒழுங்கு மூன்றும் கைக்கு வந்தது இங்கேதான்.

பாடத்திட்டங்களும் நான் நடத்தும் விதமும்

ஐஜிசிஎஸ்இ 0625: கோர், எக்ஸ்டெண்டட் இரண்டும் நடத்தியிருக்கிறேன். கோர் எழுதினால் அதிகபட்சம் சி தான் கிடைக்கும் என்பதால் யாரை எதில் உட்கார வைப்பது என்பது பிள்ளையின் அடுத்த இரண்டு வருடத்தைத் தீர்மானிக்கிற முடிவு. அதை ஒரே ஒரு மாதிரித் தேர்வை வைத்து நான் எடுப்பதில்லை, பெற்றோரிடம் விடைத்தாள்களைக் காட்டி, பேசி, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டுத்தான் எடுக்கிறேன்.

எங்கள் பள்ளியில் செய்முறைக்குப் பதிலாக ஆறாம் தாள் எழுதுகிறார்கள், 40 மதிப்பெண், மொத்தத்தில் 20 சதவீதம். எழுத்துத் தாள்தானே என்று லேபைக் குறைத்துவிடுவது சுலபம், நான் குறைக்கவில்லை. ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு அளவுகோலைக் கண்மட்டத்தில் வைத்துப் படித்த பிள்ளைதான் 'துல்லியத்தை எப்படி மேம்படுத்துவாய்' என்ற கேள்விக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதும். மற்றவர்கள் 'கவனமாகச் செய்வேன்' என்று எழுதிவிட்டு மதிப்பெண்ணை விடுவார்கள்.

எம்ஒய்பி: ஏ, பி, சி, டி நான்கு அளவுகோல்களிலும் மதிப்பீட்டுப் பணிகள் தயாரித்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது ஏழாம் வகுப்பு வெப்பக் கடத்தல் அலகு. ஆளுக்கொரு கோப்பை, ஒரே அளவு வெந்நீர், எதைச் சுற்றினால் சூடு நிற்கும் என்று அவர்களே திட்டமிட வேண்டும். முதல் தடவை பாதிப் பேர் மூடி போட மறந்துவிடுவார்கள், எந்தத் துணி சுற்றினாலும் வரைபடம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இறங்கும். ஏன் என்று நான் சொல்வதில்லை. மறு பீரியடில் யாராவது ஒருவர் மூடியோடு வருவார், அன்றைக்குக் கட்டுப்பாட்டு மாறி என்றால் என்ன என்று நான் பாடம் எடுக்கத் தேவையே இருக்காது.

ஐபி டிப்ளமோ: எஸ்எல், எச்எல் இரண்டும். 2025இல் முதல் தேர்வு நடந்த புதிய சிலபஸை முதல் நாளிலிருந்து நடத்தியிருக்கிறேன். ஆப்ஷன் பகுதிகளும் மூன்றாம் தாளும் போய், முதல் தாளுக்குள் தரவுக் கேள்விகள் வந்துவிட்டதால், தரவைப் படிக்கும் பயிற்சியை இரண்டாம் வருடத்துக்குத் தள்ளாமல் முதல் மாதத்திலேயே தொடங்கினேன். அக மதிப்பீட்டு ஆய்வு (24 மதிப்பெண், 20 சதவீதம்) இதுவரை 23 மாணவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறேன். 2023இல் நான் கொடுத்த மதிப்பெண்கள் மாடரேஷனில் இறங்கின, மதிப்பாய்வுப் பகுதியில் நான் தாராளமாக இருந்ததுதான் காரணம். அதற்குப் பிறகு வேதியியல் ஆசிரியரோடு உட்கார்ந்து ஒருவர் திருத்தியதை மற்றவர் பெயர் பார்க்காமல் திருத்தி, வித்தியாசம் வந்த இடத்தில் பேசி முடித்த பிறகே அனுப்புகிறோம். 2024, 2025 இரண்டு முறையும் மாற்றம் இல்லை.

வகுப்பறை முடிவுகள்

ஐஜிசிஎஸ்இ இயற்பியல்:
2023: எழுதியவர் 18, சி அல்லது அதற்கு மேல் 16, ஏ அல்லது ஏ ஸ்டார் 5
2024: எழுதியவர் 21, சி அல்லது அதற்கு மேல் 20, ஏ அல்லது ஏ ஸ்டார் 8
2025: எழுதியவர் 19, சி அல்லது அதற்கு மேல் 19, ஏ அல்லது ஏ ஸ்டார் 9

ஐபி டிப்ளமோ இயற்பியல்:
2024: 6 பேர், சராசரி 5.2
2025: 8 பேர், சராசரி 5.5, 4க்குக் கீழே யாரும் இல்லை

2023இல் சி வாங்காத இரண்டு பேரின் விடைத்தாள்களிலிருந்துதான் அடுத்த வருட மாற்றம் தொடங்கியது. இருவருக்குமே கணக்கு வந்தது, வரைபடம் வரவில்லை: அச்சில் பொருந்தாத அளவு, புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்த கோடு, சாய்வு காண ஒரு சின்ன முக்கோணம். அந்த வருடமே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து நிமிடம், ஒரே ஒரு வரைபடம், பென்சிலும் ஸ்கேலும் மட்டும் என்று வைத்தேன். ஆறாம் தாள் மாதிரித் தேர்வில் வகுப்புச் சராசரி 40க்கு 19இலிருந்து ஒரே வருடத்தில் 27 ஆனது.

இன்னொரு மாணவி, ஒன்பதாம் வகுப்பின் பாதியில் வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் மூன்றாவது மொழி. கணக்கெல்லாம் சரி, விளக்கம் கேட்டால் ஒரே ஒரு சொல் எழுதுவார். முதலில் தாய்மொழியிலேயே எழுதச் சொன்னேன், அப்புறம் அதே கருத்தை 'ஏனென்றால்', 'அதனால்', 'ஆகவே' என்று வரும் ஆங்கில வாக்கியச் சட்டங்களில் போடச் சொன்னேன். நிறைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதிக் கொண்டுவர அவருக்கு மூன்று வாரம் ஆனது, 2025இல் பி வாங்கினார். அவருக்காகச் செய்த சொற்பட்டியலை இப்போது 9ஆம் வகுப்பில் எல்லோருக்கும் கொடுக்கிறேன், ஆங்கிலம் வீட்டு மொழியாக உள்ளவர்களுக்கும் அது உதவுகிறது.

கூடுதல் பொறுப்புகள்

லேப் பாதுகாப்பு: ஒவ்வொரு செய்முறைக்கும் எழுத்தில் ரிஸ்க் அசெஸ்மெண்ட், உபகரணக் கணக்கு, ஆண்டு பட்ஜெட். லேப் உதவியாளரோடு வாரம் ஒரு முறை உட்கார்ந்து அடுத்த வாரத் தேவையை முடித்துவிடுவேன். நான் பொறுப்பேற்ற மூன்று வருடத்தில் செய்முறை எதுவும் பொருள் இல்லாமல் தள்ளிப்போகவில்லை.

10ஆம் வகுப்பு வகுப்பாசிரியர் (2022 முதல்): வருகை, மனநலம், பெற்றோர் சந்திப்பு. ஒரு பிள்ளையின் மார்க் இறங்கினால் நான் முதலில் பார்ப்பது தூக்கமும் நட்பு வட்டமும்தான். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி ஒவ்வொரு ஆண்டும் முடித்திருக்கிறேன், சந்தேகம் வந்தால் யாரிடம், எப்படி, எந்த நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது தெரியும், இரண்டு முறை முறைப்படி தெரிவித்தும் இருக்கிறேன்.

எக்ஸ்டெண்டட் எஸ்ஸே: 5 மாணவர்களுக்கு வழிகாட்டி. 4000 சொல்லுக்குள் அடங்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான் இதில் பாதி வேலை என்பதால் முதல் இரண்டு சந்திப்பில் வேறு எதுவும் பேசுவதில்லை.

சிஏஎஸ்: வானம் பார்க்கும் குழு. மாதம் ஒரு மாலை, ஒரே ஒரு சிறிய தொலைநோக்கி, 11ஆம் வகுப்பு மாணவர்கள் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை நான்கு இரவு வரைந்து, அவை இடம் மாறியதைத் தன் கையாலேயே கண்டுபிடித்த ஒரு ஆறாம் வகுப்புப் பையனின் நோட்டு இன்னும் லேபில் இருக்கிறது.

தேர்வு மேற்பார்வை, இடைவேளை டியூட்டி, பேருந்து டியூட்டி, ஆண்டுக்கு ஒரு வெளிப்பயணம்: எல்லாம் செய்கிறேன், தொடர்ந்து செய்யத் தயார்.

பயிற்சியும் மொழிகளும்

ஐபி இயற்பியல் பயிலரங்கு (புதிய சிலபஸ், 2023), எம்ஒய்பி அறிவியல் பயிலரங்கு (2021), முதலுதவிச் சான்றிதழ் (2024இல் புதுப்பித்தது). தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடத்த முடியும், இந்தி பேசுவேன்.

நான் தேடும் பள்ளி

லேப் பீரியடைத் தேர்வுக்காக எடுத்துக்கொள்ளாத பள்ளி, சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காரக் கதவு திறந்திருக்கும் பள்ளி. டிப்ளமோ வகுப்பு மட்டும் வேண்டும் என்று கேட்கவில்லை, 6ஆம் வகுப்பு கொடுத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன்.

நேர்காணலோடு மாதிரி வகுப்பு எடுக்கத் தயார், தலைப்பை நீங்களே சொல்லலாம், இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும். காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கல்விச் சான்றிதழ்களின் சரிபார்க்கப்பட்ட நகல்களும் இணைத்திருக்கிறேன். இப்போதைய பள்ளியின் முதல்வரும் துறைத் தலைவரும் பரிந்துரை தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இறுதிப் பட்டியலுக்கு வந்த பிறகு அவர்களைத் தொடர்புகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.